தீபாவளிக் காலாண்டுக்குக் கிளவுட் பில் எவ்வளவு வரும்?

கேள்வி: ஆன்லைனில் துணி விற்கும் ஒரு நிறுவனத்தில் பிளாட்ஃபார்ம் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாமே ஏடபிள்யூஎஸ் மும்பை ரீஜனில் ஓடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளவுட் செலவு எவ்வளவு ஆகும் என்று நிதித்துறை கேட்கிறது. காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் ஒரு கணிப்பைக் காட்டுகிறது, ஆனால் நடுவில் இரண்டு புது வெளியீடுகள் இருக்கின்றன. அதையும் சேர்த்து நம்பும்படியான ஒரு எண்ணை எப்படிக் கொடுப்பது?

பதில்:

காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் காட்டும் கணிப்புக்கு உங்கள் பழைய செலவு மட்டும்தான் தெரியும். தீபாவளி எந்த மாதத்தில் வருகிறது, புது வசதி என்றைக்கு வெளியாகிறது, சேவிங்ஸ் பிளான் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் அந்த எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அதை நிதித்துறைக்கு அனுப்பவும் வேண்டாம். உங்கள் கணக்கு முடிந்த பிறகு பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசப்படுகிறது, ஏன் என்று பார்க்க அது உதவும்.

முக்கியமான விஷயம், டாலரை நேரடியாக நீட்டிக் கணிக்கக் கூடாது. பில் என்பது எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதையும் அதன் விலை என்ன என்பதையும் பெருக்கி வருவது. பயன்பாடு ஒரு காரணத்தால் மாறும், விலை வேறொரு காரணத்தால் மாறும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து கோடு போட்டால், கணிப்பு தவறிய பிறகு எதனால் தவறியது என்றுகூடச் சொல்ல முடியாது.

முதலில் மூன்று மாதத் தரவை நாள்வாரியாக, பயன்பாட்டு வகைவாரியாக எடுங்கள்.

```
aws ce get-cost-and-usage \
  --time-period Start=2026-06-01,End=2026-09-01 \
  --granularity DAILY \
  --metrics AmortizedCost UsageQuantity \
  --group-by Type=DIMENSION,Key=USAGE_TYPE \
  --filter '{"Not":{"Dimensions":{"Key":"RECORD_TYPE",
    "Values":["Credit","Refund","Tax"]}}}'
```

முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதால் இது ஆகஸ்ட் 31 வரை கொடுக்கும். `AmortizedCost` எடுக்கக் காரணம், முன்பணம் கட்டிய திட்டங்களின் செலவை அது நாள்வாரியாகப் பிரித்துக் காட்டும். இல்லையென்றால் பணம் கட்டிய அன்று ஒரு பெரிய முள் தெரியும், மற்ற நாட்களில் ஒன்றுமே இருக்காது. கிரெடிட்டைத் தரவிலிருந்து விலக்கிவிடுவதற்கும் காரணம் உண்டு. கிரெடிட் இருக்கும்வரை பில் சின்னதாகத் தெரியும், அது தீர்ந்த மாதம் செலவு திடீரென்று எகிறியதுபோல இருக்கும். உண்மையில் பயன்பாடு அப்படியேதான் இருந்திருக்கும். கிரெடிட் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைத் தனி வரியாகக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாட்களை எடுக்காதீர்கள், தரவு முழுதாக வந்திருக்காது.

வந்த தரவை ஒருமுறை கண்ணால் பாருங்கள். யாரோ ஒருவர் ஜூலையில் டீபக் லாகை ஆன் செய்துவிட்டு ஒரு வாரம் மறந்திருப்பார், `APS3-DataProcessing-Bytes` அந்த வாரம் மட்டும் நான்கு மடங்காக நிற்கும். (`APS3` என்பது மும்பையைக் குறிக்கும் முன்னொட்டு.) லோட் டெஸ்ட், பழைய தரவை மொத்தமாக மறுபடி ஓட்டியது, இப்படிப்பட்டவை எல்லாம் போக்கில் சேரக் கூடாது. அந்த நாட்களை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த காலாண்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

இனி ஒரு கணக்கையே போட்டுப் பார்ப்போம். உங்கள் உண்மையான எண்கள் எனக்குத் தெரியாது, அதனால் உங்கள் அளவிலான ஒரு நிறுவனத்துக்கு நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் பில் 62,000 டாலர், அதாவது நாளுக்கு 2,000. தினமும் சராசரியாக 40,000 ஆர்டர்கள்.

இந்த 2,000 டாலரை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆர்டர் கூடினால் கூடும் செலவு: சர்வர்கள், வெளியே போகும் டேட்டா, லாக். இது நாளுக்கு 1,100. இரண்டாவது, சேர்ந்துகொண்டே போகும் செலவு: எஸ்3-இல் கிடக்கும் படங்கள், பேக்கப்கள். இது நாளுக்கு 200. மூன்றாவது, ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் செலவு: டேட்டாபேஸ் சர்வர்கள், கிளஸ்டர் கட்டணம், நாட் கேட்வேயின் மணிநேரக் கட்டணம், சோதனைச் சூழல்கள். இது 700. சப்போர்ட் கட்டணம் மொத்த பில்லில் குறிப்பிட்ட சதவீதமாக வரும், அதை மூன்றிலும் பரவலாகச் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை சுலபம். 92 நாட்களுக்கு 64,400 டாலர், அவ்வளவுதான். இரண்டாவது வகையில் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். மாதம் நான்கு சதவீதம் வளர்கிறது என்று எழுதி, அதையே கூட்டுவட்டிபோலப் பெருக்கிக்கொண்டு போவார்கள். சேமிப்பு அப்படி வளராது. மாதம் இவ்வளவு டெராபைட் என்று நேர்கோட்டில்தான் ஏறும். மும்பையில் எஸ்3 ஸ்டாண்டர்டு ஒரு ஜிபிக்கு மாதம் சுமார் 0.025 டாலர். மாதம் 10 டெராபைட் சேர்கிறதென்றால் 250 டாலர் கூடும். ஆகஸ்டில் 6,200 என்றால் அக்டோபர் 6,700, நவம்பர் 6,950, டிசம்பர் 7,200. மொத்தம் 20,850.

முதல் வகையில்தான் வேலை இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் 92 நாட்களை ஒரு ஷீட்டில் போட்டு, ஒரு பத்தியில் அன்றைய ஆர்டர் எண்ணிக்கையையும் இன்னொன்றில் அன்றைய செலவையும் வையுங்கள்.

```
=SLOPE(C2:C93, B2:B93)
=INTERCEPT(C2:C93, B2:B93)
```

நம் கணக்கில் இது நாளுக்கு 400 டாலர் அடிப்படை, அதற்கு மேல் ஆயிரம் ஆர்டருக்கு 17.50 டாலர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 40,000 ஆர்டருக்கு 400 கூட்டல் 700, ஆக 1,100. சரியாகப் பொருந்துகிறது.

ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று சராசரி போடாமல் ஏன் இப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டும்? சராசரி எடுத்தால் ஆயிரம் ஆர்டருக்கு 27.50 வரும். ஆர்டர் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும் என்று அது சொல்லும். ஆனால் ஆர்டரே இல்லாத இரவிலும் குறைந்தபட்ச சர்வர்கள் ஓடத்தான் செய்கின்றன, சேவிங்ஸ் பிளானுக்கான மணிநேரத் தொகையும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அந்த 400 டாலர் பண்டிகைக்காக ஏறாது. இன்னொரு நன்மையும் உண்டு. சேவிங்ஸ் பிளான் ஏற்கெனவே முழுதாகப் பயன்பட்டுவிட்டால், கூடுதலாக வரும் ஒவ்வொரு மணிநேரமும் தள்ளுபடி இல்லாத முழு விலையில்தான் விழும். நாள்வாரித் தரவில் போட்ட கோட்டின் சாய்வு அந்த முழு விலையைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். சராசரி விலை அதை மறைத்துவிடும்.

இப்போது ஆர்டர் எண்ணிக்கை. இங்கேதான் போன வருடத்து அக்டோபரைப் பார்த்து இந்த வருட அக்டோபரைப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. துணி வியாபாரத்தில் சூடான மூன்று வாரம் என்பது தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்தான். போன வருடம் அது செப்டம்பர் 29-இல் தொடங்கி அக்டோபர் 19-இல் முடிந்தது. அதாவது இரண்டு நாள் முந்தைய காலாண்டிலேயே போய்விட்டது, மீதி 19 நாளும் அக்டோபரில். இந்த வருடம் அக்டோபர் 18 முதல் நவம்பர் 7 வரை. 14 நாள் அக்டோபரில், 7 நாள் நவம்பரில், 21 நாளும் இதே காலாண்டில். போன வருடத்து மாத விகிதத்தை அப்படியே வைத்தால் அக்டோபருக்கு அதிகமாகவும் நவம்பருக்குக் குறைவாகவும் சொல்வீர்கள், மொத்தத்திலும் இரண்டு பண்டிகை நாட்கள் விடுபடும். அதனால் போன வருடத் தரவை மாதப்படி அடுக்காமல், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று அடுக்குங்கள். பொங்கல், ஓணம், பள்ளித் திறப்பு என்று நாள் நகராத, நகரும் பருவங்கள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

போன வருடம் அந்த மூன்று வாரமும் ஆர்டர் வழக்கத்தைப்போல 1.8 மடங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாள் ஆர்டர் அக்டோபரில் 42,000, நவம்பரில் 43,000, டிசம்பரில் 44,000. இந்த மூன்று எண்ணையும் நீங்கள் ஊகிக்காதீர்கள், விற்பனைத் துறை தன் இலக்கில் என்ன போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். இலக்கு எப்போதுமே கொஞ்சம் ஆசையோடு போடப்படும் என்பதால், போன நான்கு காலாண்டில் இலக்கில் எத்தனை சதவீதம் எட்டினார்கள் என்று பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் 17 சாதாரண நாள், 14 பண்டிகை நாள். மொத்த ஆர்டர் 17.72 லட்சம். ஆயிரத்துக்கு 17.50 வீதம் சுமார் 31,000 டாலர், அடிப்படை 12,400, ஆக 43,400. நவம்பரில் இதே வழியில் 38,800, டிசம்பரில் 36,300. மூன்று மாதமும் சேர்த்து 1,18,500 டாலர்.

ஒரு எச்சரிக்கை. 30,000 முதல் 50,000 ஆர்டர் வரையிலான நாட்களில் போட்ட கோட்டை 75,000 ஆர்டருக்கு நீட்டுகிறோம். அது நேராகவே போகும் என்று யார் சொன்னது? போன வருடத்துப் பண்டிகை நாட்களை அதே படத்தில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி நான்கைந்து நாட்களின் புள்ளிகள் கோட்டுக்கு மேலே நிற்கும். காரணம் எளிது. பெரிய விற்பனைக்கு முன்பு எந்த எஞ்சினியரும் ஆட்டோஸ்கேலிங்கை நம்பித் தூங்கப் போவதில்லை. உச்சநேரத்துக்குத் தேவையான சர்வர்களை 24 மணி நேரமும் ஏற்றியே வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் செலவு சராசரி ஆர்டரைப் பின்தொடராது, உச்சத்தைப் பின்தொடரும். இதற்காக ஐந்து நாளுக்கு நாளுக்கு 300 வீதம் 1,500 டாலரைத் தனியாகச் சேர்க்கிறேன். முடிந்த மறுநாள் இறக்கினார்களா என்பதையும் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இறக்கியதாகப் பழைய தரவு சொன்னால், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆக, புது வெளியீடு எதுவும் இல்லாமல், இப்போதைய விலையிலேயே வரக்கூடியது 1,18,500, 20,850, 64,400, 1,500 எல்லாம் சேர்த்து சுமார் 2,05,200 டாலர்.

அப்புறம் விலை. அடுத்த மூன்று மாதத்தில் பயன்பாடு மாறாமலே விலை மாறும் தேதிகள் எவை என்று ஒரு பட்டியல் வேண்டும். அதில் முதலில் வருவது சேவிங்ஸ் பிளான். மணிக்கு 10 டாலர் உறுதிகொடுத்து ஒரு வருடத்துக்கு எடுத்த பிளான் நவம்பர் 15-ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி சுமார் 28 சதவீதம் என்றால் அந்த 10 டாலர் முழுவிலையில் 14 டாலர் வேலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிளான் முடிந்த மணியிலிருந்து மணிக்கு 4 டாலர் கூடும். நாளுக்கு 96, டிசம்பர் 31 வரை 46 நாளுக்கு 4,416 டாலர். யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள், பில் மட்டும் ஏறும். இது கணிக்க வேண்டிய விஷயமே இல்லை, முடிவெடுக்க வேண்டிய விஷயம். புது பிளானை எதிர்காலத் தேதிக்கு இப்போதே வரிசையில் போட்டுவைக்க வழி இருக்கிறது. யார் கையெழுத்துப் போடுவார்கள், எப்போது என்று நிதித்துறையிடம் கேளுங்கள். பதில் வரும்வரை 4,416-ஐச் சேர்த்தே வையுங்கள்.

அடுத்தது பழைய பதிப்புகள். இ.கே.எஸ்-இல் ஒரு குபெர்னெட்டீஸ் பதிப்புக்கு 14 மாதம்தான் சாதாரண ஆதரவு. அது தாண்டினால் கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலராக இருந்தது 0.60 ஆகிவிடும். ஆர்.டி.எஸ்-இலும் இதே கதைதான். மைஎஸ்க்யூஎல் 5.7-ஐ மேம்படுத்தாமல் வைத்திருந்தவர்களுக்கு 2024 மார்ச் 1 முதல் தனிக் கட்டணம் விழ ஆரம்பித்தது. மூன்று கிளஸ்டர்களுக்கு நவம்பர் கடைசியில் கெடு முடிகிறது என்றால் டிசம்பரில் மட்டும் 1,116 டாலர். தொகை சின்னதுதான். ஆனால் முன்கூட்டியே தேதி போட்டு அறிவித்த ஒரு செலவைக் கணிப்பில் விட்டால், மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இனி வெளியீடுகள். உங்களுடைய முதல் வெளியீடு துணியை அணிந்து காட்டும் குறு வீடியோ என்று வைத்துக்கொள்கிறேன். பிராடக்ட் டீமிடம் போய் "இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். என்றைக்கு வெளியாகிறது, எத்தனை பேருக்கு, ஒருவர் ஒரு நாளில் எத்தனை வீடியோ பார்ப்பார், ஒரு வீடியோ எத்தனை எம்பி. தினமும் 6 லட்சம் பேர் வருகிறார்கள், அதில் 30 சதவீதம் பேர் ஆளுக்கு 4 வீடியோ பார்ப்பார்கள், ஒன்று 3 எம்பி என்று பதில் வருகிறது. பெருக்கினால் நாளுக்கு 2,160 ஜிபி.

இதை எந்த விலையில் பெருக்குவது? கிளவுட்ஃபிரண்டில் இந்தியாவுக்குள் போகும் டேட்டாவுக்கு மாதத்தின் முதல் 10 டெராபைட்டுக்கு ஜிபி 0.109 டாலர், அடுத்த அடுக்கில் 0.085, அதற்கும் மேலே போனால் இன்னும் கொஞ்சம் குறையும். நீங்கள் ஏற்கெனவே முதல் அடுக்கைத் தாண்டியிருப்பீர்கள், ஆகவே புதிதாகச் சேரும் ஜிபி எல்லாவற்றுக்கும் இரண்டாவது அடுக்கு விலையையே வைக்கிறேன். நாளுக்கு சுமார் 184 டாலர். வீடியோவை வெவ்வேறு தரத்துக்கு மாற்றுவதற்கு ஒருமுறைச் செலவு உண்டு, அதற்கு 500 வைத்தால் தாராளம். கூட்டங்களில் இந்த 500-ஐப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவார்கள். பணம் போவது வீடியோவை அனுப்புவதில்.

தேதிதான் பெரிய தலைவலி. திட்டத்தில் அக்டோபர் 12 என்று இருக்கிறது. முந்தைய ஐந்தாறு வெளியீடுகளில் சொன்ன தேதிக்கும் நடந்த தேதிக்கும் எத்தனை வாரம் இடைவெளி என்று பார்த்தால் உங்கள் டீமின் வழக்கம் தெரிந்துவிடும். மூன்று வாரம் தள்ளும் வழக்கம் என்றால் நவம்பர் 2 என்று போடத் தோன்றும். ஆனால் அது நடக்கவே நடக்காத தேதி. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது புது வசதியை யாரும் வெளியிட மாட்டார்கள், மாற்றத் தடை இருக்கும். எனவே உண்மையில் இரண்டே வாய்ப்புதான் இருக்கிறது. அக்டோபர் 12-இல் வந்துவிடும், இல்லையென்றால் பண்டிகை எல்லாம் ஓய்ந்து நவம்பர் 16-இல் வரும்.

அக்டோபர் 12 என்றால் 81 நாள் ஓடும். முதல் வாரம் படிப்படியாகத் திறப்பதால் மூன்றரை நாளைக் கழிக்கலாம். ஆனால் பண்டிகை வாரங்களில் பார்வையாளரும் 1.8 மடங்கு என்பதால் 21 நாளுக்கு 0.8 வீதம் 16.8 நாளைக் கூட்ட வேண்டும். வெளியீட்டைத் தனியாகவும் பருவத்தைத் தனியாகவும் கணித்துக் கூட்டுபவர்கள் விடுவது இந்த இடம்தான். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது பெருக்கல் வரும். மொத்தம் 94.3 நாளுக்கான செலவு, 17,350 டாலர். நவம்பர் 16 என்றால் 42.5 நாள், 7,820 டாலர். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் நடுவே 12,600. நிதித்துறைக்கு நடு எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள், இரண்டு எண்ணையும் கொடுங்கள். ஏனென்றால் 12,600 என்ற தொகை எந்தச் சூழலிலும் பில்லில் வரப்போவதில்லை.

இந்த வீடியோ கணக்கில் எதை நம்பக் கூடாது என்று கேட்டால், ஆளுக்கு 4 வீடியோ என்பதைத்தான் சொல்வேன். வீடியோ தானாக ஓட வேண்டுமா, தொட்டால் ஓட வேண்டுமா என்பது ஒரு டிசைனர் கடைசி வாரத்தில் எடுக்கும் முடிவு. தானாக ஓடினால் 4 என்பது 8 ஆகும், நாளுக்கு 184 என்பது 368 ஆகும். அதனால் முழுதாகத் திறப்பதற்கு முன் ஐந்து சதவீதம் பேருக்கு இரண்டு நாள் திறந்து, பார்வையாளர் ஒருவருக்கு உண்மையில் எத்தனை எம்பி போகிறது என்று அளந்துவிடுங்கள். அந்த ஒரே அளவு ஊகங்களில் பாதியைத் தேவையில்லாமல் செய்துவிடும்.

இரண்டாவது வெளியீடு டேட்டாபேஸ் மாற்றம். புதியதும் பழையதும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு நாளுக்கு 100 டாலர் கூடுதல். நவம்பர் 16-இல் தொடங்கி மூன்று வாரத்தில் பழையதை நிறுத்திவிடுவதாகத் திட்டம் சொல்லும், அப்படியென்றால் 2,100. பழைய டேட்டாபேஸை நிறுத்தும் நாள் எந்த டீமிலும் அவசர வேலை கிடையாது. "இன்னும் ஒரு ரிப்போர்ட் அதிலிருந்துதான் வருகிறது" என்று யாராவது சொல்வார்கள். டிசம்பர் 31 வரை ஓடும் என்று 4,600 வைக்கிறேன். மாற்றத்தால் மிச்சமாகும் தொகையை இந்தக் காலாண்டில் ஒரு டாலர்கூடக் கழிக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் அடுக்கினால் இப்படி வரும்.

| | டாலர் |
|---|---|
| இப்போதைய சேவைகள், பண்டிகை உட்பட | 2,05,200 |
| சேவிங்ஸ் பிளான் புதுப்பிக்காவிட்டால் | 4,400 |
| கிளஸ்டர் பழைய பதிப்புக் கட்டணம் | 1,100 |
| வீடியோ, நடு எண், ஒருமுறைச் செலவு சேர்த்து | 13,100 |
| டேட்டாபேஸ் இரட்டை ஓட்டம் | 4,600 |
| மொத்தம் | 2,28,400 |

ஆகஸ்டின் 62,000-ஐ மாதம் இரண்டு சதவீதம் கூட்டிக்கொண்டே போயிருந்தால் காலாண்டுக்கு 1,97,400 என்று வந்திருக்கும். 31,000 டாலர் குறைவு. அதில் வெளியீடுகளின் பங்கு ஏறத்தாழ 17,700. மீதி பண்டிகையும் விலை மாற்றமும்.

வரம்பையும் சொல்ல வேண்டும். பண்டிகை மடங்கு 1.8 என்பது 1.6 ஆகவோ 2.0 ஆகவோ இருந்தால் சுமார் 3,100 டாலர் இப்படியோ அப்படியோ போகும். அது குறைந்து, வீடியோ தள்ளிப்போய், பிளானும் புதுப்பிக்கப்பட்டு, பழைய டேட்டாபேஸும் நேரத்துக்கு நின்றால் 2,13,700. எல்லாமே எதிர்ப்பக்கம் போனால், வீடியோவின் பண்டிகை ஏற்றமும் சேர்த்து 2,37,100. இரண்டு முனைகளும் அபூர்வம். ஆனாலும் வரம்பு எதனால் வருகிறது என்று வரி வரியாகத் தெரிவதுதான் இதன் பயன். வீடியோ தேதி மட்டுமே கிட்டத்தட்ட 9,500 டாலர் வித்தியாசம், பண்டிகை மடங்கு அதைவிடச் சிறியது. எதைப்பற்றி முதலில் விசாரிக்க வேண்டும் என்று நிதித்துறைக்கே தெரிந்துவிடும். வீடியோ தானாக ஓடும் முடிவு இந்த வரம்புக்குள் இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கணிப்பை டாலரிலேயே கொடுங்கள். விலைப்பட்டியல் டாலரில் இருக்கிறது, இந்தியக் கணக்குக்கு இன்வாய்ஸ் ரூபாயில் வரலாம். 2,28,400 டாலரில் டாலருக்கு ஒரு ரூபாய் நகர்ந்தாலே 2.28 லட்சம் ரூபாய் நகரும். அதை உங்கள் கணிப்புப் பிழையாக யாரும் எண்ணக் கூடாது. மாற்று விகிதத்தை நிதித்துறை போடட்டும். 18 சதவீத ஜிஎஸ்டியும் அப்படித்தான். உள்ளீட்டு வரி வரவு எடுக்கிறார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காலாண்டு தொடங்கிய பிறகு மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை, மூன்று எண்களைப் பாருங்கள். ஆர்டர் நாம் போட்டபடி வருகிறதா, அடிப்படை 400-ஐக் கழித்த பிறகு ஆயிரம் ஆர்டருக்கான செலவு 17.50-க்குப் பக்கத்தில் இருக்கிறதா, ஒதுக்கீட்டு டேக் வழியாகத் தெரியும் வீடியோ செலவு எவ்வளவு. டேக் விஷயத்தில் ஒன்று. பில்லிங் பக்கத்தில் அதைச் செலவு ஒதுக்கீட்டு டேக்காகச் செயல்படுத்தினால்தான் அறிக்கையில் வரும், ரிசோர்ஸில் ஒட்டினால் மட்டும் போதாது. வெளியீட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள், இல்லையென்றால் வீடியோவுக்கான ஜிபியும் மற்ற ஜிபியும் ஒரே வரியில் கலந்துவிடும்.

உதாரணமாக அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் செலவு கணிப்பைவிட நான்கு சதவீதம் கூட இருக்கிறது என்று வையுங்கள். ஆர்டரும் கூடியிருந்தால் அது நல்ல செய்தி, விற்பனைத் துறையின் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். ஆர்டர் அப்படியே இருந்து ஆயிரத்துக்கான செலவு 19.50 ஆகியிருந்தால் ஏதோ ஒரு சேவை வீணாக ஓடுகிறது. பயன்பாட்டு வகைப்படி பழைய வாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு வரிகளில் மாட்டிக்கொள்ளும், லாகும் நாட் கேட்வே வழியாகப் போகும் டேட்டாவும்தான் வழக்கமாக முதலில் சிக்குபவை. ஆர்டரும் சரி, அந்த விகிதமும் சரி என்றால் விலைப் பக்கம் ஏதோ மாறியிருக்கிறது. யாராவது வேறு ரீஜனிலோ வேறு கணக்கிலோ சர்வர்களைப் போட்டு, சேவிங்ஸ் பிளானின் தள்ளுபடி அந்தப் பக்கம் போய்விட்டதா என்று பாருங்கள்.

அக்டோபர் 12 வந்ததும் வீடியோ வரியில் இருக்கும் நடு எண்ணை அழித்துவிட்டு 17,350 அல்லது 7,820 இரண்டில் எது நடந்ததோ அதைப் போட்டு, புது மொத்தத்தை அன்றே நிதித்துறைக்கு அனுப்புங்கள். பழைய கணிப்பை மேலெழுத வேண்டாம், தேதியோடு தனிப் பத்தியாக வையுங்கள். ஜனவரியில் உட்கார்ந்து பார்க்கும்போது செப்டம்பரில் என்ன தெரிந்திருந்தது, அக்டோபரில் என்ன தெரிந்தது என்று பிரித்துப் பார்க்க அது தேவைப்படும்.